ஃப்ரிட்ஜில் கொடகொட, டிக், படார்: எது இயல்பு, எது கோளாறு என்று கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரம் முழுக்க ஃப்ரிட்ஜ் வேலைக்குப் போகிறேன். கூப்பிடுகிறவர்களில் பலர் "குளிரவில்லை" என்று சொல்வதில்லை, "சத்தம் போடுகிறது" என்றுதான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறே இருக்காது. ஆனால் சில வீடுகளில், கவனிக்க வேண்டிய ஒரு சின்ன 'டிக்'கை மாதக்கணக்கில் விட்டுவைத்து, கம்ப்ரஸர் எரிந்த பிறகு கூப்பிடுவார்கள். பெரிய சத்தத்துக்குப் பயப்படுகிறோம், சின்னச் சத்தத்தை விட்டுவிடுகிறோம். ஃப்ரிட்ஜில் ஆபத்து பெரும்பாலும் சின்னச் சத்தத்தில்தான் இருக்கிறது.

கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். நேராக 'டிக்' பகுதிக்குத் தாவினால் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு டார்ச், நொடி முள் உள்ள கடிகாரம் அல்லது செல்போன், எழுத ஒரு தாள். இவை போதும். எந்த ஸ்குரூவையும் கழற்ற வேண்டிய வேலை இதில் இல்லை.

உங்கள் ஃப்ரிட்ஜ் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒற்றைக் கதவு, உள்ளே சின்ன ஃப்ரீஸர் பெட்டி, அதில் ஐஸ் படியும், தெர்மோஸ்டாட் திருகின் நடுவே ஐஸ் உருக்கும் பொத்தான் இருக்கும் என்றால் அது டைரக்ட் கூல். இரட்டைக் கதவு, ஃப்ரீஸரில் ஐஸ் படியாது, உள்ளே காற்று வீசும் என்றால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஒன்றில் இயல்பாக இருக்கும் சத்தம் இன்னொன்றில் இருக்கவே இருக்காது. அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸரா என்பதையும் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் பெரும்பாலான நேரம் ஓடிக்கொண்டே வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். அதன் சுருதி மாறுவது கோளாறு இல்லை.

## 2. ஃப்ரிட்ஜுக்கு வெளியே வரும் சத்தத்தைக் கழித்துவிடுங்கள்

ஃப்ரிட்ஜ் போடும் சத்தம் என்று நினைப்பதில் நிறைய, ஃப்ரிட்ஜுடையதே இல்லை. முக்கியமானது ஸ்டெபிலைசர். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அதனுள் இருக்கும் ரிலே 'டக் டக்' என்று மாறும். மாலை நேரத்தில் நம் பக்கம் வோல்டேஜ் ஆடுவதால் இந்தச் சத்தமும் அப்போதுதான் கூடும். ஸ்டெபிலைசர் பக்கத்தில் காதை வைத்துப் பாருங்கள். சத்தம் அங்கிருந்து வந்து, ஃப்ரிட்ஜ் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஃப்ரிட்ஜ் மேலே வைத்திருக்கும் பாத்திரம், உள்ளே ஒன்றோடொன்று உரசும் பாட்டில்கள், பின்னால் கம்ப்ரஸர் மேல் உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் தட்டு. தட்டை லேசாக விரலால் அழுத்துங்கள், சத்தம் நின்றால் காரணம் அதுதான். ஃப்ரிட்ஜின் முதுகு சுவரைத் தொடக் கூடாது. நான்கு காலும் தரையில் பதிந்திருக்க வேண்டும். முன்பக்கம் மிக லேசாக உயர்ந்திருந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

## 3. ஒரு முழுச் சுற்று உட்கார்ந்து கேளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தவிர்க்கிறார்கள். சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். பிடுங்கிவிட்டால் தடயம் போய்விடும்.

கம்ப்ரஸர் ஓடத் தொடங்குவதிலிருந்து நின்று மறுபடி ஓடத் தொடங்கும் வரை கவனியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஒவ்வொரு சத்தம் வரும்போதும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கம்ப்ரஸர் அப்போது ஓடியதா, அப்போதுதான் நின்றதா, ஓய்வில் இருந்ததா. சத்தம் மேலிருந்தா, கீழே பின்னாலிருந்தா. மறுபடி எவ்வளவு நேரம் கழித்து வந்தது.

ஒரே சத்தம் ஒரு கட்டத்தில் இயல்பாகவும் இன்னொரு கட்டத்தில் கோளாறாகவும் இருக்கும். அதனால் எப்போது வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## 4. கொடகொட: பெரும்பாலும் கேஸ் ஓடும் சத்தம்

கம்ப்ரஸர் கேஸை அழுத்தி, பின்னால் அல்லது பக்கச் சுவரில் உள்ள காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை விட்டு அது திரவமாகிறது. பிறகு கேபில்லரி என்ற மெல்லிய குழாய் வழியாக ஃப்ரீஸர் காயிலுக்குள் புகுந்து, அழுத்தம் சட்டென்று குறைவதால் கொதித்து ஆவியாகிறது. அந்தக் கொதிப்புதான் குளிர்ச்சி தருகிறது. கொதிக்கும் திரவம் குழாய்க்குள் ஓடும்போது கொடகொடவென்று கேட்பது இயற்கை.

கம்ப்ரஸர் நின்ற பிறகு இந்தச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைந்த அழுத்தம். கம்ப்ரஸர் தள்ளுவதை நிறுத்தினாலும், இரண்டும் சமமாகும் வரை கேஸ் கேபில்லரி வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். 'டொக்' என்று உடம்பு ஒருமுறை அதிர்ந்து கம்ப்ரஸர் நிற்பது, அப்புறம் கொடகொட, லேசான 'உஸ்', பின்பு அமைதி. இது நல்ல ஃப்ரிட்ஜின் அடையாளம்.

இந்த மூன்று முதல் ஐந்து நிமிடத்தை மனதில் வையுங்கள். அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸரால் மறுபடி கிளம்ப முடியாது. 'டிக்' சத்தத்துக்குக் காரணம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

கொடகொட எப்போது கவலைக்குரியது? சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கம்ப்ரஸர் நிற்காமலே ஓடி, குளிர்ச்சியும் குறைந்து, டைரக்ட் கூல் ஃப்ரீஸரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம். குளிர்ச்சி சரியாக இருந்து, கம்ப்ரஸரும் நின்று நின்று ஓடினால், கொடகொட எவ்வளவு பலமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

## 5. படார், படக்: விரிசல் சத்தம்

இரவு எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் 'படார்' என்று கேட்கும். மக்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் ஃப்ரிட்ஜ் போடும் சத்தங்களில் ஆபத்து குறைந்தது இதுதான்.

உள்சுவர் பிளாஸ்டிக், வெளிச்சுவர் இரும்புத் தகடு. குளிர்ந்தால் பிளாஸ்டிக் அதிகமாகச் சுருங்கும், இரும்பு அவ்வளவு சுருங்காது. இரண்டும் நடுவில் உள்ள நுரையோடு ஒட்டியிருப்பதால் இழுவை சேர்ந்து, ஒரு நொடியில் விடுபடும். அதுதான் படார். புது ஃப்ரிட்ஜை முதல் சில வாரம் ஓட்டும்போதும், சூடான குழம்பை ஆறாமல் உள்ளே வைத்த பிறகும் இது கூடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் இன்னொரு காரணம் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே ஹீட்டர் தானாக எரிந்து காயிலில் படிந்த பனியை உருக்கும். அந்த நேரம் கம்ப்ரஸரும் காற்றாடியும் நின்றிருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் விரியும், ஐஸ் உடையும், உருகிய நீர் ஹீட்டர் மேல் விழுந்து 'சுர்' என்று பொரியும். எல்லாமே இயல்பு. டைரக்ட் கூலில் நீங்கள் பொத்தானை அழுத்தி ஐஸ் உருக்கும்போதும் இப்படித்தான்.

நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போய்ப் பனியாகிறது. சீலா மீனைக் கழுவி, நீர் வடியாமல் அப்படியே ஃப்ரீஸரில் வைத்தால் பனி இன்னும் வேகமாகக் கட்டும். கனத்த ஐஸ் விரியும்போது வரும் சத்தமும் பலமாக இருக்கும். டைரக்ட் கூலில் பனி அரை சென்டிமீட்டர் அளவு கட்டியதும் உருக்கிவிடுங்கள். மீனை நீர் வடித்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

இங்கே ஒரே ஒரு ஆபத்து, கத்தியாலோ கரண்டியாலோ ஐஸைக் குத்திப் பெயர்ப்பது. ஃப்ரீஸர் சுவரிலேயே கேஸ் குழாய் ஓடுகிறது. குத்தின இடத்தில் 'புஸ்' என்று கேட்டால் குழாய் ஓட்டையாகிவிட்டது. கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் கேஸ். அளவு சில பத்து கிராம்தான் என்றாலும் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு, அடுப்பையும் ஸ்விட்சுகளையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

## 6. டிக்: பொறுமையாகக் கேட்க வேண்டிய சத்தம்

இயல்பான டிக் எது என்று முதலில் பார்ப்போம். உள்ளே தெர்மோஸ்டாட் திருகின் பக்கம் ஒரு 'டிக்', உடனே கம்ப்ரஸர் கிளம்பி 'ம்ம்ம்' என்று தொடர்ந்து ஓடுகிறது. பிறகு ஒரு 'டிக்', கம்ப்ரஸர் நிற்கிறது. ஓட்டத்துக்கு ஒன்று, நிறுத்தத்துக்கு ஒன்று. பழைய ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஐஸ் உருக்கும் டைமர் மெல்ல டிக் டிக் என்று ஓடும், அதுவும் இயல்பு.

கோளாறான டிக் வேறு மாதிரி. அது கீழே, பின்பக்கம், கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து வரும். முதலில் 'ம்ம்ம்' என்று கனமாக முனகும், சில நொடியில் 'டிக்', உடனே அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடி முனகல், மறுபடி டிக். சுற்று மாறாமல் இப்படியே போகும்.

கம்ப்ரஸரின் பக்கத்தில் ஓவர்லோடு என்ற பாதுகாப்புச் சாதனம் இருக்கிறது. கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தச் சூட்டில் ஓவர்லோடுக்குள் இருக்கும் தகடு வளைந்து 'டிக்' என்று தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி சேரும். ஆக, டிக் சத்தம் நோயல்ல. கம்ப்ரஸர் எரியாமல் காக்கும் சத்தம். ஆனால் ஒவ்வொரு முனகலிலும் கம்ப்ரஸருக்குள் இருக்கும் மோட்டார் காயில் சூடாகிக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில் இப்படி விட்டால் அதன் பூச்சு கருகிவிடும்.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போகும் வரிசை இது.

கரண்ட் போய் உடனே வந்ததா? வந்திருந்தால் அழுத்தம் சமமாகவில்லை. கம்ப்ரஸர் அந்த எதிர் அழுத்தத்தில் சுழல முடியாது. பிளக்கை எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒரே டிக்கில் கிளம்பினால் கோளாறு இல்லை. பிளக்கைப் பிடுங்கி உடனே செருகிப் பார்க்கிறவர்கள், தாங்களே இந்தத் திணறலை உண்டாக்குகிறார்கள். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடம் காத்திருந்து கரண்ட் தரும் வசதி இருப்பது இதற்காகத்தான்.

வோல்டேஜ் போதுமா? கம்ப்ரஸர் கிளம்பும் விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 160 இருந்தால், விசை பாதிக்கும் கீழே போய்விடும். மாலையில் மட்டும் டிக் டிக் கேட்டு, பகலில் சரியாக ஓடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பின்பக்கம் காற்றோட்டம் இருக்கிறதா? காயிலில் தூசியும் உப்பும் அடைத்திருந்தால் அழுத்தம் மிக அதிகமாகி, கம்ப்ரஸர் சூடேறும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிக் என்று நின்றுவிடும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் டிக் தொடர்ந்தால், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே பழுதாகியிருக்கலாம் அல்லது கம்ப்ரஸர் இறுகியிருக்கலாம். ரிலே சில நூறு ரூபாய் வேலை, கம்ப்ரஸர் பல ஆயிரம். மெக்கானிக் முதலில் ரிலேயையும் ஓவர்லோடையும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் இந்த முனகல்-டிக் சுற்று இதே மாதிரி வராது. போர்டு தானே சில நிமிடம் காத்திருந்து முயற்சி செய்யும். அந்த வகைக்கு ரிலே மாற்றும் பேச்சே பொருந்தாது, போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

## 7. தங்கச்சிமடத்தில் ஒரு வீடு

கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு, ஒற்றைக் கதவு டைரக்ட் கூல். "கம்ப்ரஸர் போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க தம்பி, நீங்க ஒருதடவை பாருங்க" என்று அந்த வீட்டு அக்கா கூப்பிட்டார். சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டேன். "விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிச்சா பத்து மணி வரைக்கும். காலையில ஒண்ணும் இல்ல" என்றார்.

பாதிப் பதில் அதிலேயே வந்துவிட்டது. இறுகிய கம்ப்ரஸர் காலையிலும் திணறும். காலையில் ஒரே டிக்கில் கிளம்பி ஓடுகிறதென்றால் கம்ப்ரஸரும் ரிலேயும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன.

மாலையில் போய் உட்கார்ந்தோம். முனகல் எட்டு நொடி, டிக், ஏறக்குறைய இரண்டரை நிமிடம் அமைதி, மறுபடி முனகல். முனகும்போதெல்லாம் அடுப்படி விளக்கு மங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது சும்மா இருக்கையில் 178 வோல்ட், முனகும்போது 150. ஊர் வோல்டேஜ் குறைவு என்பது ஒரு விஷயம். ஆனால் ஒரு ஃப்ரிட்ஜ் கிளம்புவதற்காக 28 வோல்ட் இறங்குவது, வீட்டுக்குள்ளேயே எங்கோ தொடர்பு சரியில்லை என்பதைக் காட்டியது.

மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துப் பிளக் பாயின்டைக் கழற்றினால், பித்தளைத் துண்டுகளில் பச்சையாகக் களிம்பு, ஒரு ஒயரின் முனை கருகியிருந்தது. உப்புக்காற்று செய்த வேலை. பாயின்டையும் ஒயரையும் மாற்றிய பிறகு இறக்கம் ஆறு வோல்டுக்குள் நின்றது. ஆனாலும் மாலையில் 178தான் இருந்தது. குறைந்த வோல்டேஜிலும் வேலை செய்யும், காத்திருந்து கரண்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்றைப் போட்டோம். அன்று இரவே ஒரே டிக்கில் கிளம்பியது. கம்ப்ரஸர் அதேதான்.

மீட்டர் இல்லாதவர்களும் விளக்கைக் கவனிக்கலாம். முனகும்போது அதே லைனில் உள்ள விளக்கு நன்றாக மங்கினால், ஃப்ரிட்ஜுக்கு முன்பு பாயின்டையும் ஒயரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

## 8. கடற்கரை வீட்டில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது

பிளக்கை எடுத்துவிட்டு, டார்ச்சோடு பின்பக்கம் பாருங்கள். குழாய் இணைப்புகளில் துரு உப்பி உரிந்திருக்கிறதா? எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் கூடவே வெளியே வரும். அதனால் தூசி ஒட்டிய ஈரமான எண்ணெய்க் கறை கசிவுக்கு நல்ல தடயம்.

தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் அடிக்காதீர்கள், மின் இணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. பிளக்கின் கால்களில் பச்சையோ கருப்போ படிந்திருந்தால் பாயின்ட் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதென்றால், சத்தத்தைப் பற்றி யோசிக்காமல் அப்போதே நிறுத்திவிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இடம் இருந்தால் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே ஃப்ரிட்ஜை வைக்காதீர்கள். நேரடிக் காற்று படும் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சீக்கிரம் துருப்பிடிப்பதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

## 9. மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகத்தில்தான் வருவார். இப்படிச் சொல்லுங்கள்: "டைரக்ட் கூல். கீழே பின்னாடி இருந்து சத்தம். முனகல் எட்டு நொடி, அப்புறம் டிக், ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதடவை. சாயங்காலம் மட்டும்." செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது. அவர் சரியான ரிலேயைக் கையோடு கொண்டுவருவார்.

டிக் சுற்று நடந்துகொண்டிருந்தால், அவர் வரும் வரை பிளக்கை எடுத்து வையுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே உள்ளவை சில மணி நேரம் தாங்கும். மீன் இருந்தால் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கேஸ் குறைவு என்று அவர் சொன்னால், எங்கே கசிந்தது என்று காட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ் மூடிய சுற்று. கேஸ் தானாகத் தீராது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அதே வழியில் மறுபடி போய்விடும். ஆர்-600ஏ இருக்கும் ஃப்ரிட்ஜில் கேஸை முழுவதும் வெளியேற்றாமலோ, காற்றோட்டம் இல்லாத அடுப்படியிலோ நெருப்பு வைத்துக் குழாயைப் பற்றவைக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் உடனே பணம் கொடுத்து அனுப்பிவிடாமல், கம்ப்ரஸர் தானாக ஒருமுறை நின்று, கொடகொட அடங்கி, மறுபடி தானாகக் கிளம்பும் வரை அவரை உட்கார வையுங்கள்.